இலச்சினை பதாகையில் அழகாக இருக்கிறது, முத்திரையில் கறுப்புக் கட்டியாகிவிட்டது

இரணைமடுக் கரை

வணக்கம். கிளிநொச்சியில் இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் இயங்கும் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் செயலாளர். நெல்லை அவித்துக் குற்றி, அரிசியாகவும் மாவாகவும் பொதி செய்து விற்கிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் கொழும்பில் படிக்கும்போது சங்கத்துக்கு ஓர் இலச்சினை வரைந்து தந்தார். மஞ்சள் சூரியன், அதன் முன்னால் கபில நிறப் பனைமரம், இரு பக்கமும் வளைந்து நிற்கும் பச்சை நெற்கதிர், அடியில் நீலத்தில் குளத்து அலை. பதாகையில் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

கடந்த மாதம் அதே படத்தைக் கொடுத்து 38 மில்லிமீற்றர் வட்ட முத்திரை செய்வித்தோம். ஓரத்தில் மூன்று மொழியிலும் சங்கத்தின் பெயர், நடுவில் இலச்சினை. குத்திப் பார்த்தால் நடுவில் ஒரு மைக்கட்டி. மரமா, கதிரா என்று தெரியவில்லை. சூரியனைக் காணவே இல்லை. ஒரு வங்கிக் கிளையில் எங்கள் விண்ணப்பத்தை, முத்திரை வாசிக்க முடியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். முத்திரை வெட்டியவரின் பிழையா, படத்தின் பிழையா?

இன்னும் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. அரிசிப் பைகளில் ஒரே நிறத்தில் அச்சடிக்க வேண்டும். ஆலையில் வேலை செய்பவர்களின் கரும்பச்சை மேலங்கியில் வெள்ளையில் அடிக்க வேண்டும். அவற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் படம் தாங்குமா என்று அறிய விரும்புகிறேன்.

மல்லாவி மடிக்கணினி

அக்கா, இது சின்ன வேலைதான். எந்தப் படச் செயலியிலும் கிரேஸ்கேல் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் நிறங்கள் போய்விடும். அதுதான் ஒற்றை நிறப் பிரதி. மேலங்கிக்கு அதையே நிறம் மாற்றிக் கொடுத்தால் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஐந்து நிமிடத்தில் முடியும், நானே செய்து தருகிறேன்.

வவுனியா முத்திரைக்கடை

தம்பி, உதவ நினைத்தது நல்லது. ஆனால் இதே ஐந்து நிமிட வேலையைச் செய்துகொண்டு என் கடைக்கு வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

நிறங்களைச் சாம்பலாக்கினால் கிடைப்பது ஒற்றை நிறமல்ல, பல சாம்பல்கள். அச்சு இயந்திரம் அந்தச் சாம்பலைச் சிறு புள்ளிகளாக உடைத்து அடிக்கிறது, நம் கண் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. இறப்பர் முத்திரைக்கு அந்த வித்தை தெரியாது. இறப்பர் ஓரிடத்தில் மேடாக இருக்கும், அல்லது பள்ளமாக இருக்கும். மேடு மை பிடிக்கும், பள்ளம் பிடிக்காது, நடுவில் ஒன்றும் இல்லை. சாம்பல் படத்தைக் கொடுத்தால், ஒவ்வோர் இடமும் கறுப்பா வெள்ளையா என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யாவிட்டால் லேசர் வெட்டும் மென்பொருள் செய்துவிடும். அக்காவின் சூரியன் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறது. மஞ்சள் வெளிச்சமான நிறம், வெள்ளைப் பக்கம் விழுந்துவிட்டது. கபிலமும் பச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு, இரண்டும் கறுப்பாகி ஒட்டிக்கொண்டன.

அக்கா, படத்தில் உள்ள நிறங்களின் குறியீடும், கோடுகளின் தடிப்பும் தெரிந்தால் இங்கே போடுங்கள். ஊகத்தில் பேசாமல் கணக்கிட்டுச் சொல்லலாம்.

பனங்கூடல்

எனக்கு ஒரு விடயம் விளங்கவில்லை. பற்றுச்சீட்டில் முத்திரை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வைப்பதுதானே வழக்கம்? சங்கத்தின் படம் போட்ட முத்திரையைத் தபாலகம் ஏற்றுக்கொள்ளுமா?

இரணைமடுக் கரை

ஐயா, நான் கேட்டது ஒட்டும் முத்திரை அல்ல, மையில் தொட்டுக் குத்தும் இறப்பர் முத்திரை.

முத்திரைக்கடை அண்ணா, வரைந்த பிள்ளையிடம் மூலக்கோப்பை வாங்கி அவரையே அளக்கச் சொன்னேன். படத்தின் அகலம் 40 மில்லிமீற்றர் என்று வைத்து வரைந்திருக்கிறார். பனையோலைக் கீற்று ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. தடிப்பு. நெல்மணிகளுக்கு இடையில் 0.5 மி.மீ. இடைவெளி, ஒரு கதிருக்கு 14 மணிகள். அலை மூன்று, ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. கபிலம் #8D4A2B, பச்சை #2E7D32, மஞ்சள் #F9C80E. முத்திரையின் நடுவே இலச்சினைக்கு ஒதுக்கியிருப்பது 16 மி.மீ. அகலம்.

வவுனியா முத்திரைக்கடை

இவ்வளவும் போதும். முதலில் நிறத்தைப் பார்ப்போம். ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்கு நெடுநாளாகப் புழங்கும் கணக்கு இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

பூச்சியம் என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. உங்கள் கபிலத்துக்கு 90 வருகிறது, பச்சைக்கு 93. நிறத்தில் பார்க்கும்போது மண்ணும் பயிரும் போல வேறுபட்டவை. நிறத்தை எடுத்துவிட்டால் இரட்டைப் பிள்ளைகள். கதிரின் நுனி பனையின் அடிமரத்தைத் தொடும் இடத்தில் எல்லை என்று ஒன்று இருக்கவே முடியாது. மஞ்சளுக்கு 193. பாதியில் வெட்டினால் அது வெள்ளைதான்.

அடுத்தது அளவு. 40 இலிருந்து 16 ஆகச் சுருக்கினால் எல்லாம் 0.4 மடங்காகிறது. ஓலைக் கீற்று 0.16 மி.மீ., மணிகளின் இடைவெளி 0.2, அலை 0.24. என் லேசரில் 0.3 மி.மீ.க்குக் குறைந்த கோட்டை நான் ஏற்பதில்லை. வெட்டும்போது தப்பினாலும், அவ்வளவு மெல்லிய இறப்பர் வரப்பு குத்தும்போது சாய்ந்துவிடும், சில வாரங்களில் உதிரும். இடைவெளிக்கு நான் கேட்பது இன்னும் கூட, 0.4. பள்ளத்தில் மை தேங்கும், தாளிலும் பரவும். கோடு காணாமல் போவதும் இடைவெளி அடைபடுவதும் வேறு வேறு நோய்கள். ஒன்றுக்குக் கோட்டைத் தடிக்க வைக்கிறோம், அது மற்றதைக் கூட்டிவிடுகிறது. ஆகவே ஒரே வழி எண்ணிக்கையைக் குறைப்பதுதான். 14 மணிகளை 16 மி.மீ. படத்துக்குள் எந்த லேசராலும் பிரித்துக் காட்ட முடியாது. உங்களுக்கு வெட்டித் தந்தவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் பிழை படத்தில்தான் தொடங்குகிறது.

வெட்டக் கொடுப்பதற்கு முன் கணினியிலேயே பார்க்கலாம். 16 மி.மீ. படத்தை 200 டிபிஐயில் வருடினால் 126 படப்புள்ளி அகலம் வரும். அலுவலகங்களில் ஆவணங்களை வருடும்போது ஏறக்குறைய இந்த நிலைதான். ImageMagick வைத்திருப்பவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
magick logo.png -background white -alpha remove -colorspace Gray -resize 126x -threshold 50% test.png
```

வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். உண்மை அளவில், 16 மி.மீ. அகலத்தில் அச்சடித்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

மல்லாவி மடிக்கணினி

விளங்கியது அண்ணா. எங்கள் விளையாட்டுக் கழகத்தின் இலச்சினையை இப்படி ஓட்டிப் பார்த்தேன். கைப்பந்தின் கோடுகள் எல்லாம் போய் வெறும் கறுப்பு வட்டம் மிஞ்சியது. ஆனால் ஒரு சந்தேகம். அரிசிப் பையில் இலச்சினை 150 மி.மீ. அகலம் இருக்குமே, அங்கே 0.4 கோடு 1.5 ஆகிவிடும். அங்கேயும் எளிமைப்படுத்திய படம் தேவையா?

வவுனியா முத்திரைக்கடை

நல்ல கேள்வி. பையில் அளவு ஒரு பொருட்டல்ல, நிறம்தான் பொருட்டு. நெய்த பையின் நாடாக்கள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கோடுகளின் ஓரம் கொஞ்சம் பிசிறும், 1.5 மி.மீ. கோடு அதைத் தாங்கிவிடும். கபிலமும் பச்சையும் ஒட்டிக்கொள்ளும் சிக்கல் மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் அப்படியே வரும். ஆகவே பைக்கு விவரமான படத்தையே வைக்கலாம். ஆனால் மரத்துக்கும் கதிருக்கும் நடுவே நிறம் செய்த வேலையை ஒரு வெள்ளை இடைவெளி செய்ய வேண்டும்.

கரைவலை

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மீனவர் சங்கத்தின் கதையையும் சொல்கிறேன், மேலங்கி அடிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் இலச்சினையில் வள்ளமும் அதில் ஒரு மீனவரின் முகமும் இருந்தன. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்த முகம். கருநீல உடுப்பில் அடிக்கக் கொடுத்தபோது அச்சடித்தவர் கறுப்பை வெள்ளையாக்கி அப்படியே புரட்டிவிட்டார். முகம் இருண்டு, கண்ணின் மணியும் மீசையும் தலைமுடியும் வெள்ளையாகி வந்தது. எங்கள் கடலோடிகளில் மூத்தவர் ஒருவரை மனதில் வைத்து வரைந்த முகம் அது. அவருடைய மனைவி அந்த உடுப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். 60 உடுப்புகளையும் மடித்து வைத்துவிட்டோம். பிறகு முகத்தை எடுத்துவிட்டு வள்ளத்தின் வடிவை மட்டும் வைத்தோம்.

இன்னொன்றும் நடந்தது. முதல் முறை நாங்கள் அனுப்பிய கோப்பு ஜேபெக். கருநீலத்தின் மேல் இலச்சினை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் நின்றது. பின்னணி இல்லாத கோப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் அறிந்தோம்.

நந்திக்கடல் நிழல்

நான் வடிவமைப்பு வேலை செய்கிறவன். கரைவலை சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். இருட்டுப் பின்னணிக்குப் படத்தைப் புரட்டக் கூடாது, மறுபடி வரைய வேண்டும். எது வெளிச்சம், எது நிழல் என்பது மாறக் கூடாது.

அந்த வகையில் அக்காவின் மேலங்கிக்கு என் யோசனை: சூரியனை முழு வெள்ளை வட்டமாக வையுங்கள். சூரியன் ஒளிர்வதுதானே. பனை அதன் முன்னால் கரும்பச்சைத் துணியின் நிறத்திலேயே நிழலுருவாகத் தெரியும். மாலைநேரப் பனைமரக் காட்சி அப்படியே வந்துவிடும்.

வவுனியா முத்திரைக்கடை

தம்பி, அந்தக் காட்சி என் கண்ணிலும் நிற்கிறது. பரந்தன் பக்கம் வயல்வெளியில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் அக்கா சொன்ன படத்தில் சூரியன் பனையின் தலைக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கிறது, அடிமரம் சூரியனுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. வட்டத்துக்குள் மரம் துணியின் நிறத்தில் தெரியும். வட்டத்தைத் தாண்டியதும் துணியின் மேல் துணியின் நிறம், மரம் பாதியில் முறிந்து போகும். அடிமரத்தை மட்டும் வெள்ளையாக்கினால் ஒரே மரம் இரண்டு நிறமாகும்.

என் வழி வேறு. சூரியனை நிரப்பாமல் ஒரு வளையமாக வரையுங்கள். பனையின் ஓலை வளையத்தைக் கடக்கும் இடத்தில் வளையத்தைக் கொஞ்சம் வெட்டி விடுங்கள். மரமும் வளையமும் கதிரும் அலையும் எல்லாம் ஒரே மை. வெள்ளைத் தாளில் கறுப்பு மை, கரும்பச்சைத் துணியில் வெள்ளை மை. முகம், நிழல் என்று எதுவும் இல்லாததால் இந்தப் படத்தில் புரட்டினாலும் பொருள் கெடாது.

ஆனால் தடிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருட்டின் மேல் இருக்கும் வெள்ளை கண்ணுக்குப் பருத்துத் தெரியும், இது கண்ணின் இயல்பு. கைப்பேசித் திரையிலும், உள்ளே விளக்கு எரியும் பெயர்ப்பலகையிலும் அதற்காகக் கோட்டைச் சற்று மெலிய வைக்கிறார்கள். வெள்ளைத் தாளில் சுற்றிலும் கறுப்பு மை அடித்து, நடுவில் தாளின் வெள்ளையை விட்டுப் படம் எடுக்கும்போது நிலைமை நேரெதிர். மை நாலாபக்கமும் பரவி வெள்ளையைத் தின்னும். அங்கே தடிக்க வைக்க வேண்டும். திரையில் பார்த்து முடிவு செய்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

நந்திக்கடல் நிழல்

அடிமரத்தை நான் கவனிக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி. வளையம் சூரியனாகத் தெரியுமா, வண்டிச் சக்கரமாகத் தெரியுமா என்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. வரைந்து பார்த்தால்தான் தெரியும்.

மாங்குளம் தட்டச்சு

எல்லோரும் படத்தையே பேசுகிறீர்கள், எழுத்தை யாரும் பார்க்கவில்லை. அலுவலகக் கடிதங்களில் முத்திரை குத்தியே காலம் கழித்தவள் நான். முதலில் சாவது தமிழின் புள்ளிதான். ‘சங்கம்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள். மை கூடினால் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டும், மை குறைந்தால் விழாது. ‘சஙகம’ என்று பதிந்த எத்தனையோ ஆவணங்கள் என் கையால் போயிருக்கின்றன. ‘ண’, ‘ழ’ போன்றவற்றின் உள்வட்டம் அடுத்துப் போகும்.

அக்காவின் முத்திரையில் எழுத்து ஓடும் வட்டத்தின் ஆரம் 16 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 100 மி.மீ. மூன்று மொழிக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு 33. ‘பெண்கள் கூட்டுறவுச் சங்கம்’ என்பதோடு ஊர்ப் பெயரையும் சேர்த்தால் 33 மி.மீ.க்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்றரை மில்லிமீற்றர்கூடக் கிடைக்காது. வங்கியில் வாசிக்க முடியாமல் போனது மரத்தையா, பெயரையா என்று கேட்டுப் பாருங்கள். பெயராகத்தான் இருக்கும்.

இன்னொரு விடயம். பாமினியில் தட்டச்சு செய்த பெயரை அப்படியே கோப்பில் வைத்து அனுப்பாதீர்கள். வெட்டுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தெரிந்து Ctrl+Shift+C அழுத்தினால் போதும்.

இரணைமடுக் கரை

மாங்குளம் அக்கா சொன்னது சரி. வங்கியில் மறுபடி கேட்டேன், வாசிக்க முடியாதது பெயரைத்தான்.

இரண்டு வாரமாக அந்தப் பிள்ளையும் நானும் தொலைபேசியிலேயே உட்கார்ந்து திருத்தினோம். பனையோலை 11 கீற்றாக இருந்தது, 5 ஆக்கினோம். கதிருக்கு 14 மணி 5 ஆனது. மூன்று அலை இரண்டானது. சூரியன் வளையமானது. 16 மி.மீ. அளவில் எந்தக் கோடும் 0.35 மி.மீ.க்குக் குறையாமல், எந்த இடைவெளியும் 0.4க்குக் குறையாமல் வரைந்திருக்கிறார்.

ஒரு மாதிரி முத்திரை வெட்டுவித்தேன். முதல் குத்தில் மை அதிகமாகி, அடிமரத்துக்கும் இடது கதிருக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலம் போல மை ஓடியிருந்தது. மறுபடி மை தொடாமல் தொடர்ந்து குத்தினேன். மூன்றாவது, நான்காவது குத்துகள் மிகத் தெளிவு. ஒன்பதாவதில் வளையத்தின் மேல்பக்கம் மங்கியது, ஆனால் மரம் மரமாகவே இருந்தது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துக் குத்தியபோது மட்டும் முத்திரையின் ஓரத்தில் தேவையில்லாத மைக்கோடு விழுந்தது. புத்தகம் மெத்தென்று இருப்பதால் முத்திரை அமிழ்கிறது. தாளைக் கிழித்து மேசையில் வைத்துக் குத்தினால் அது வரவில்லை.

நான்காவது குத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மறுபடி பிரதி எடுத்தேன். மூன்றாவது பிரதியில் மணிகளின் இடைவெளி இரண்டு இடத்தில் அடைபட்டது. அதைப் பார்த்துவிட்டு மணிகளை 4 ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேலங்கிக்குக் கரும்பச்சைத் துணித் துண்டு ஒன்றில் 80 மி.மீ. அகலத்தில் வெள்ளை அடித்துத் தந்தார்கள். எங்கள் ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். பனை, நெல், குளம் என்று உடனே சொன்னார்கள். வளையத்தை இருவர் சூரியன் என்றார்கள், ஒருவர் நிலா என்றார், ஒருவர் கிணறு என்றார்.

நந்திக்கடல் நிழல்

கிணறா! அதைத்தான் பயந்தேன். வளையத்தைச் சுற்றிச் சில கதிர்க்கோடுகள் வைத்தால்?

வவுனியா முத்திரைக்கடை

மேலங்கியிலும் பையிலும் வைக்கலாம், இடம் இருக்கிறது. முத்திரையில் கூடாது. 16 மி.மீ.க்குள் கதிர்க்கோடு வைத்தால் ஓலையோடு முட்டிவிடும்.

அக்கா, உங்கள் சோதனை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. மையை ஒரு சொட்டு குறையுங்கள், அந்தப் பாலம் போய்விடும். போகாவிட்டால் அந்த ஓர் இடைவெளியை மட்டும் 0.5 ஆக்குங்கள்.

மாங்குளம் தட்டச்சு

முத்திரையில் இலச்சினை எதற்கு என்பதே என் கேள்வி. நடுவை விட்டுவிட்டு அங்கே தமிழ்ப் பெயரை ஒரு நேர்வரியாகப் போட்டால், ஓரத்தில் மற்ற இரண்டு மொழிக்கும் தலா 50 மி.மீ. கிடைக்கும். புள்ளிகளும் பிழைக்கும். இலச்சினை கடிதத் தலைப்பில் இருக்கிறதே.

கரைவலை

எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு வாசிப்பு குறைவு. வள்ளத்தைப் பார்த்துத்தான் இது நம்முடைய பற்றுச்சீட்டு என்று எடுத்து வைப்பார்கள். படத்தை எடுத்தால் அவர்களுக்கு முத்திரையே இல்லை.

இரணைமடுக் கரை

எங்கள் உறுப்பினர்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். படம் 12 மி.மீ. ஆனால் பெயருக்கு இடம் கூடும். ஆனால் 12க்குப் போனால் 0.35 மி.மீ. கோடு 0.26 ஆகிவிடும், பனையை மட்டும் வைத்து மறுபடி வரைய வேண்டும். மற்ற வழி 45 மி.மீ. முத்திரை. அப்படி எடுத்தால் எங்கள் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்கும் இடத்தை அது மூடும். இரண்டையும் தாளில் அச்சடித்து வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறேன். பைக்கான கோப்பை மட்டும் இன்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மரத்துக்கும் கதிருக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் வெள்ளை விட்டிருக்கிறோம்.